கடைசி விடை சரி, நடுவுல முரண்: 5 மார்க் கணக்குல எத்தனை கிடைக்கும்?

பிளஸ் டூ விடைத்தாள் நகலை டவுன்லோடு செய்து பார்க்கும் பல மாணவர்களுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான். "ஆன்சர் கரெக்டா இருக்கே, அப்புறம் ஏன் 5-க்கு 3 போட்டிருக்காங்க?"

பெரும்பாலும் காரணம் கடைசி வரியில் இருக்காது. அதற்கு இரண்டு வரி மேலே இருக்கும். அங்கே மாணவர் எழுதிய ஒரு வாக்கியமும், கடைசியில் எழுதிய முடிவும் ஒன்றையொன்று மறுக்கும். மேலே 'சிறுமம்' என்று எழுதிவிட்டு, கீழே 'பெருமம்' என்று முடித்திருப்பார். விடை என்னவோ சரிதான். ஆனால் அந்த விடை, அவர் எழுதிய வழியில் இருந்து வரவில்லை.

இப்படிப்பட்ட விடைக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இந்தப் பிரச்னையே கிடையாது?

வழிமுறையைத் திருத்துபவர் பார்க்காத தேர்வுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஜே.இ.இ. மெயின் தேர்வில் எண் விடையை கம்ப்யூட்டரில் தட்டினால் போதும். ரஃப் பேப்பரில் என்ன எழுதினீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தமிழ்நாடு பிளஸ் டூ கணக்குத் தேர்வு 90 மார்க்குக்கு எழுதப்படுகிறது. அதில் 20 மார்க் ஒரு மதிப்பெண் கேள்விகள். மீதி 70 மார்க் 2, 3, 5 மதிப்பெண் கேள்விகள். அந்த 70-இல்தான் ஸ்டெப் மார்க் வருகிறது, முரண்பாடும் சிக்கலாகிறது.

ஒரு மதிப்பெண் கேள்வியிலும் முரண் வரலாம். ஆப்ஷன் எழுத்தையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். இயற்பியல் போன்ற பாடங்களின் விடைக்குறிப்பில், இரண்டில் ஒன்று தப்பானாலும் பூஜ்ஜியம் என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள். விடையைச் சரியாக எழுதிவிட்டு எழுத்தை மாற்றிப் போட்டால் மார்க் போச்சு. இரண்டில் எதை நம்புவது என்று திருத்துபவர் ஊகிக்கக் கூடாது என்பதே இதற்குக் காரணம். 5 மார்க் கணக்கிலும் இதே யோசனைதான் வேலை செய்கிறது. ஆனால் அங்கே வரிகள் அதிகம் என்பதால் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

ஒரு பெட்டிக் கணக்கு

வகை நுண்கணிதத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகடு. நான்கு மூலைகளிலும் x செ.மீ. பக்கமுள்ள சதுரங்களை வெட்டி எடுத்து, ஓரங்களை மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். அதன் அதிகபட்ச கனஅளவு என்ன?

சரியான வழி இப்படிப் போகும்.

```
V = x(12 − 2x)² = 4x³ − 48x² + 144x
V' = 12x² − 96x + 144 = 12(x − 2)(x − 6)
x = 2 அல்லது x = 6
V'' = 24x − 96
x = 2 எனில் V'' = −48 < 0, எனவே பெருமம்
V = 2 × 8 × 8 = 128 க.செ.மீ.
```

x = 6 என்றால் தகடு முழுக்க வெட்டுப்பட்டுவிடும், பெட்டியே இருக்காது. அதனால் அதை விட்டுவிடலாம்.

புரிந்துகொள்வதற்காக 5 மார்க்கை இப்படிப் பிரித்துக்கொள்வோம்: V-க்கான கோவை அமைத்ததற்கு 1, வகையிட்டதற்கு 1, x மதிப்புகளுக்கு 1, இரண்டாம் வகைக்கெழுச் சோதனைக்கு 1, முடிவுக்கு 1.

இப்போது ஒரு மாணவியின் விடைத்தாள். முதல் மூன்று படிகளும் பளிச்சென்று சரி. நான்காவது படியில் மட்டும் அவர் எழுதியது இது:

```
x = 2 எனில் V'' = 48 − 96 = 48 > 0, எனவே சிறுமம்
∴ அதிகபட்ச கனஅளவு = 2 × 8 × 8 = 128 க.செ.மீ.
```

ஒரு மைனஸ் குறி காணாமல் போயிருக்கிறது. அதோடு நின்றிருந்தால் அது வெறும் கைப்பிழை. ஆனால் அந்தத் தவறான குறியை வைத்து 'சிறுமம்' என்று முடிவும் எழுதிவிட்டார். அடுத்த வரியிலேயே அதே x = 2-ஐ எடுத்து 'அதிகபட்சம்' என்கிறார். 2-இல் கனஅளவு குறைந்தபட்சமா, அதிகபட்சமா? அவர் தாளில் இரண்டுமே இருக்கிறது.

3-ஆ, 4-ஆ, 5-ஆ?

5 போட முடியாது, அதில் சந்தேகமில்லை. நான்காவது படி தப்பு. அதற்கான 1 மார்க் கிடையாது.

128-ஐப் பார்த்ததும் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. விடைத்தாள் கட்டு உயரமாக இருக்கும்போது கண் நேராகக் கட்டம் போட்ட கடைசி விடைக்குத்தான் போகும். விடை தப்பாக இருந்தால் எங்கே தப்பு என்று மேலே தேடுவார்கள். சரியாக இருந்தால் தேடத் தோன்றாது. முரண்பாடுகள் நழுவிப்போவது இப்படித்தான்.

3-ஆ 4-ஆ என்பதுதான் உண்மையான விவாதம். அது கடைசி 1 மார்க் எதற்காக வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

விடைக்குறிப்பில் அந்த மார்க் "V = 128 எனக் கணக்கிட்டதற்கு" என்று இருந்தால், அவர் அதைச் செய்திருக்கிறார். 2 × 8 × 8 = 128 சரியான கணக்கு. மார்க் உண்டு, மொத்தம் 4. அதே மார்க் "அதிகபட்ச கனஅளவு 128 என்ற முடிவுக்கு" என்று இருந்தால், அந்த முடிவுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரமாக இருக்க வேண்டிய வரி எதிர்மாறாகச் சொல்கிறது. அப்போது மொத்தம் 3.

பிரிட்டன் தேர்வு வாரியங்களின் ஏ-லெவல் கணக்கு விடைக்குறிப்புகளில் இந்த வித்தியாசத்தை எழுத்தாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். வழிமுறைக்கான மார்க்குக்கு 'எம்' என்றும், துல்லியத்துக்கான மார்க்குக்கு 'ஏ' என்றும் பெயர். எம் கிடைக்காவிட்டால் அதைச் சார்ந்த ஏ-யும் கிடைக்காது. சில ஏ மார்க்குகளுக்குப் பக்கத்தில் 'சி.எஸ்.ஓ.' என்று இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு பிழைகூட இல்லாமல் வந்த விடைக்கு மட்டுமே அந்த மார்க் என்று அர்த்தம். கேம்பிரிட்ஜ் தாள்களில் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' என்று போடுவார்கள். இணையதள முகவரி இல்லை; 'தவறான வழி இல்லாமல்' என்பதன் சுருக்கம்.

நம் மாணவியின் தாளில் கடைசி மார்க்குக்குப் பக்கத்தில் சி.எஸ்.ஓ. இருந்திருந்தால் விவாதமே இல்லை, 3 தான். அது இல்லாவிட்டால் 4-க்கு வாய்ப்பு உண்டு. இந்தக் குறியீடு இல்லாத விடைக்குறிப்பில், திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளர் முதலிலேயே எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுவதுதான் நியாயம். இல்லையென்றால் ஒரு மேஜையில் 3, பக்கத்து மேஜையில் 4 என்று ஆகிவிடும்.

விடையைக் கையால் மூடிப் பார்க்கலாம்

முரண்பாடு எவ்வளவு ஆழமானது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு மேலிருந்து படிக்க வேண்டும். இந்த வரிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துவிட்டு, பிறகு கையை எடுக்க வேண்டும். ஊகித்ததும் எழுதியிருப்பதும் ஒன்றாக இருந்தால் அந்த விடை வழியில் இருந்து வந்தது. இல்லையென்றால் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

நம் மாணவியின் தாளில் கையை மூடிப் படித்தால், "x = 2-இல் சிறுமம்" என்பதோடு வழி நின்றுவிடுகிறது. கையை எடுத்தால் 'அதிகபட்சம்' இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை.

ஆனால் அதே தாளில் இன்னொரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "x = 0 எனில் V = 0, x = 6 எனில் V = 0, x = 2 எனில் V = 128. எனவே பெரிய மதிப்பு 128." இப்போது கதையே மாறிவிடும். x-இன் மதிப்பு 0 முதல் 6 வரைதான் இருக்க முடியும். இரு முனைகளிலும், நடுவில் உள்ள ஒரே மாறுநிலைப் புள்ளியிலும் V-ஐக் கண்டுபிடித்து ஒப்பிடுவது முழுமையான, சரியான முறை. இரண்டாம் வகைக்கெழுவே தேவையில்லை. முடிவுக்குச் சொந்தக் கால் இருக்கிறது. தப்பான வரி ஓரமாகக் கிடக்கும் ஒரு பிழையாகச் சுருங்கிவிடுகிறது. இந்தத் தாளுக்கு 4-க்குக் குறைவாகப் போடுவது கஞ்சத்தனம்.

இன்னொரு நிலைமையும் உண்டு. மாணவி "−48 < 0" என்று சரியாகப் போட்டுவிட்டு, 'பெருமம்' என்பதற்குப் பதில் 'சிறுமம்' என்று கை தவறி எழுதியிருக்கலாம். எண்ணும் குறியும் சரி, வார்த்தை மட்டும் மாறியிருக்கிறது. அடுத்த வரி சரியான அர்த்தத்தைப் பயன்படுத்துகிறது. இது எழுத்துப் பிழைக்கு அருகில் வருகிறது. ஆனாலும் சோதனைக்கான மார்க்கைப் போடுவதில் தயக்கம் நியாயமானதே. குறைவு என்றால் பெருமமா சிறுமமா என்று தெரிகிறதா என்பதைத்தான் அந்த மார்க் சோதிக்கிறது. முடிவுக்கான மார்க்கையும் சேர்த்துப் பிடுங்குவதற்கு இங்கே காரணமில்லை.

தப்பான விடைக்கு அதிக மார்க் கிடைக்குமா?

கிடைக்கும். கேட்க வினோதமாகத்தான் இருக்கும்.

அதே பெட்டிக் கணக்கு. ஒரு மாணவர் வகையிடும்போது 48-ஐ 42 என்று பார்த்து, 96-க்குப் பதில் 84 என்று எழுதிவிட்டார்.

```
V' = 12x² − 84x + 144 = 12(x − 3)(x − 4)
x = 3 அல்லது x = 4
V'' = 24x − 84
x = 3 எனில் V'' = −12 < 0, எனவே பெருமம்
V = 3 × 6 × 6 = 108 க.செ.மீ.
```

ஒரே ஒரு பிழை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் இருந்து நேர்மையாக வருகிறது. சி.பி.எஸ்.இ. தன் திருத்துநர்களுக்குத் தரும் பொது அறிவுரையில், ஒரு பிழைக்கு ஒருமுறைதான் மார்க் குறைக்க வேண்டும், அந்தப் பிழையின் தொடர் விளைவுக்காக மறுபடியும் குறைக்கக் கூடாது என்று இருக்கிறது. அதன்படி வகையிட்டதற்கான 1 மார்க் மட்டும் போகும். மற்றவை நிற்கும். 5-க்கு 4.

பக்கத்து பெஞ்சு மாணவரும் அதே பிழையைச் செய்கிறார். அவரும் x = 3 வரை வந்துவிட்டார். ஆனால் கடைசி வரியில் "V = 128" என்று எழுதுகிறார். 3-ஐப் போட்டால் 108 தானே வரும்? 128 எங்கிருந்து வந்தது? கைடில் பார்த்த விடை ஞாபகத்தில் இருந்திருக்கலாம். வேறு எப்படியும் வந்திருக்கலாம். திருத்துபவருக்கு அதை விசாரிக்கும் வேலை இல்லை. தாளில் இருக்கும் வரிகளில் இருந்து 128 வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

'ஒருமுறைதான் தண்டனை' விதி இவருக்கு உதவாது. அந்த விதி, பிழையைச் சுமந்துகொண்டே ஒழுங்காக நடந்து முடிவுக்கு வந்தவருக்கானது. இவர் நடுவில் தடம் மாறிவிட்டார். கடைசி மார்க் கிடையாது. மொத்தம் 3. தப்பான 108-க்கு 4, சரியான 128-க்கு 3.

கடைசி மார்க் சரியான எண்ணுக்கு மட்டுமே என்று விடைக்குறிப்பு கறாராகச் சொன்னால், முதல் மாணவருக்கும் 3 தான். அப்போதும் 128 எழுதியவருக்கு அந்த மார்க்கைக் கொடுப்பது கடினம், ஏனென்றால் அவரே கண்டுபிடித்த x அதை மறுக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தப்பான வழியில் சரியான விடைக்கு வருவது வேறு, முரண்படுவது வேறு. 16/64 என்ற பின்னத்தில் மேலேயும் கீழேயும் உள்ள 6-ஐ அடித்துவிட்டால் 1/4 வரும். விடை சரி! வழி அபத்தம். ஆனால் அதில் முரண் எதுவும் இல்லை. தன் தப்பான விதியை அவர் ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார். கையால் மூடிப் பார்க்கும் சோதனையில் இந்த விடை பாஸாகிவிடும். அதனால் அந்தச் சோதனை மட்டும் போதாது. ஒவ்வொரு வரியும் தனியாகவும் சரியா என்று பார்த்தாக வேண்டும்.

'எனக் காட்டுக' கேள்விகள்: இங்கே கருணை குறைவு

"அதிகபட்ச கனஅளவு 128 எனக் காட்டுக" என்று அதே கணக்கைக் கேட்டால் நிலைமை கடுமையாகிவிடும். விடை கேள்வித்தாளிலேயே இருக்கிறது. கடைசி வரியில் 128 என்று எழுதுவதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லா மார்க்கும் வழியில்தான்.

இந்த வகைக் கேள்விகளில்தான் முரண்பாடு அதிகம் எட்டிப்பார்க்கும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று மாணவருக்குத் தெரியும். வழியில் குறி மாறி −128 என்று வந்தால், அடுத்த வரியில் மைனஸை நைசாக எடுத்துவிடுவார். அல்லது மேலே ஒரு வரியில் குறியைத் திருத்தாமல் கீழே மட்டும் திருத்துவார். அனுபவமுள்ள ஆசிரியர் இந்தக் கேள்விகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். குறி எந்த வரியில் திடீரென்று மாறியது என்று அப்போது பளிச்சென்று தெரியும்.

முதல் மாணவியின் தாளை இந்தக் கேள்விக்கு எழுதியிருந்தால், 'சிறுமம்' என்ற வரிக்குப் பிறகு எழுதிய 128-க்கு மார்க் கேட்கவே முடியாது. 3 தான்.

அறிவியல் பாடத்தில் எப்படி?

வரிசையாக வரிகள் இல்லாத சிறு விடைகளுக்கு வேறு விதி. பிரிட்டனின் ஏ.க்யூ.ஏ. வாரியம் அறிவியல் விடைக்குறிப்புகளில் இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது: சரி கூட்டல் தப்பு என்றால் தப்பு. ஒவ்வொரு முரண்பாடும் ஒரு சரியான விடையை அடித்துவிடும்.

ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் வாயு எது என்ற 1 மார்க் கேள்விக்கு "ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு" என்று எழுதினால் பூஜ்ஜியம். ஆக்சிஜன் அதில் இருக்கிறதே என்று வாதாட முடியாது. இரண்டையும் எழுதி, திருத்துபவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போல அது. ஆனால் "ஆக்சிஜன், அது நிறமற்றது" என்று எழுதினால் மார்க் உண்டு. கேட்காத தகவல்தான், ஆனால் விடையை மறுக்கவில்லை. உதவாத வரி வேறு, எதிர்த்துப் பேசும் வரி வேறு.

அடித்துத் திருத்தினால் முரண் போய்விடுமா?

போய்விடும். மாணவி "சிறுமம்" என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் ஏதோ இடிக்கிறதே என்று உணர்ந்து, மேலே போய் 48-ஐ அடித்து −48 என்றும், சிறுமத்தை அடித்துப் பெருமம் என்றும் மாற்றியிருந்தால் 5-க்கு 5. அடித்த வரிக்குப் பதிலாக வேறு எழுதியிருந்தால், புதியதை மட்டும் திருத்த வேண்டும். பதிலே எழுதாமல் அடித்துவிட்டால் எட்எக்செல் போன்ற வாரியங்களில் அடித்த பகுதியையே படித்து மார்க் போடச் சொல்கிறார்கள். அதனால் புதியதை எழுதுவதற்கு முன்னால் பழையதை முழுசாகக் கிறுக்கி மறைத்துவிடக் கூடாது, ஒரு கோடு போதும்.

அடிக்காமல் இரண்டு விதமாகவும் எழுதி வைத்துவிட்டு "எது சரியோ அதை எடுத்துக்கட்டும்" என்று விடுவதுதான் ஆபத்து. தாளில் இரண்டும் உயிரோடு இருக்கும்.

நகலில் எதைப் பார்ப்பது?

தமிழ்நாட்டில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் மறுகூட்டல் வேண்டுமா, மறுமதிப்பீடு வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். முரண்பாட்டால் மார்க் போயிருந்தால் மறுகூட்டல் உதவாது. அங்கே கூட்டல்தான் சரிபார்க்கப்படும். மறுமதிப்பீட்டுக்குப் போவதற்கு முன் அந்த கேள்வியை விடைக்குறிப்போடு வைத்து, எந்தப் படிக்கு மார்க் இல்லை என்று வரி வரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிழையுள்ள படிக்கு மட்டும் மார்க் போயிருந்தால், கேட்பதற்கு ஒன்றுமில்லை. பிழையுள்ள படியோடு கடைசி மார்க்கும் போயிருந்தால், முடிவைத் தாங்கும் வேறு வரி தாளில் இருக்கிறதா என்று தேட வேண்டும். பெட்டிக் கணக்கில் முனைகளை ஒப்பிட்ட அந்த வரி மாதிரி. இருந்தால் 1 மார்க்குக்கு வாதம் உண்டு. பிழைக்கு முன்னால் இருக்கும் சரியான படிகளுக்கும் மார்க் போயிருந்தால் அது திருத்தியவர் பக்கத்துத் தவறு. ஒரு முரணான வரியைப் பார்த்துவிட்டு முழுக் கணக்கையும் சுழித்து 0 அல்லது 1 போடுவதற்கு எந்த ஸ்டெப் மார்க் முறையிலும் இடமில்லை. V = x(12 − 2x)² என்று அமைத்ததற்கான மார்க்கை, நான்கு வரி கழித்து வந்த 'சிறுமம்' திருப்பி எடுக்க முடியாது.